மிக்ஸியின் உண்மையான விலை

மிக்ஸி வாங்கச் செல்லும்போது நாம் பெரும்பாலும் விலைச்சீட்டையும் வாட் எண்ணையும் மட்டுமே ஒப்பிடுகிறோம். ஆனால், அந்த மிக்ஸி உழைக்கும் காலம் முழுவதும் அதற்காக நாம் செலவிடும் தொகையே அதன் உண்மையான விலையாகும்.

வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்திறனின் அளவு. நாள்தோறும் சட்னியும் மசாலாவும் மட்டும் அரைக்கும் வீட்டுக்கு 500 வாட் போதுமானது. காய்ந்த மஞ்சள், மல்லி, மாவு ஆகியவற்றையும் அரைப்பதாயின் 750 வாட் தேவைப்படும். திறன் குறைந்த மோட்டாரில் கடினமான பொருளை அரைத்தால் அது சூடேறும். அடிப்பகுதியில் உள்ள பாதுகாப்புப் பொத்தான் துள்ளி, மிக்ஸி நின்றுவிடும். அளவாகப் போட்டு அரைக்கும்போதும் இவ்வாறு அடிக்கடி நின்றால், அந்த வேலைக்கு அந்த மோட்டார் போதவில்லை என்று அறியலாம்.

மோட்டாரைவிட முன்னதாகத் தேய்பவை ஜாரின் பாகங்களே. கடையிலேயே ஜாரைக் கையில் எடுத்து, பிளேடைத் தொடாமல் அடிப்பக்கத்துக் கப்ளரைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அது ஆட்டமின்றிச் சீராகச் சுழல வேண்டும். ஜாரின் தகடு கனமாகவும், மூடியின் ரப்பர் வளையம் இறுக்கமாகவும் இருத்தல் நல்லது. பயன்பாட்டில் ஜாரின் அடியில் நீர் கசிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இனி உத்தரவாதம். 'மோட்டாருக்கு 5 ஆண்டு' என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், முழு மிக்ஸிக்கும் 2 ஆண்டு மட்டுமே இருக்கக்கூடும். கப்ளர், புஷ், கார்பன் பிரஷ் ஆகியவை அதில் அடங்குமா என்பதை உத்தரவாத அட்டையில் படித்தறிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டு மிக்ஸிகளும் 750 வாட், உத்தரவாதமும் ஒன்றே. முதலாவதன் விலை 3,600 ரூபாய். அதன் சேவை மையம் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. இரண்டாவது 4,300 ரூபாய். சேவை மையம் நம் ஊரிலேயே உள்ளது. ஒரு முறை பழுதானால் கொடுக்கவும் வாங்கவும் இரு பயணங்கள். பயணத்துக்கு 100 ரூபாய் வீதம் 200 ரூபாய். ஐந்தாண்டுகளில் நான்கு முறை பழுதானால் 800 ரூபாய். முதலில் மிச்சமான 700 ரூபாய் கரைந்து, மேலும் 100 ரூபாய் கைவிட்டுப் போகிறது. இழந்த வேலை நாள்களை இதில் நாம் சேர்க்கவில்லை.

உள்ளூர்ப் பழுதுபார்ப்பவரிடம் முதல் மிக்ஸிக்கான பாகங்கள் கிடைத்தால் இக்கணக்கு மாறக்கூடும். எனினும், உத்தரவாதக் காலத்தில் வெளியாள் திறந்து பழுதுபார்த்தால் நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்கலாம். ஆகவே, பணம் செலுத்துவதற்கு முன் சேவை மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, அந்த மாதிரியின் கப்ளரும் ஜாரும் இருப்பில் உள்ளனவா என்று கேட்டறிவோம். கடையின் முத்திரையும் தேதியும் இட்ட அட்டையை ரசீதுடன் பத்திரப்படுத்துவோம்.