கைகர் கவுண்டரில் எண் ஏன் ஆடுகிறது?

படப்பை, ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் பயிற்சிக்குப் போய்வந்த மாணவர்கள் எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு நல்ல பழக்கத்தோடு வருகிறார்கள். ஒரே பாகத்தை மைக்ரோமீட்டரில் பத்து முறை அளந்தால் பத்தும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். கைகர் கவுண்டர் முன்னால் உட்கார்ந்ததும் இந்தப் பழக்கம் முட்டிக்கொள்ளும். மாதிரி எதுவும் வைக்காமல், பின்புலக் கதிர்வீச்சை மட்டும் ஒரு குழு நிமிடம் நிமிடமாக எண்ணியது: 28, 18, 25, 33, 22, 23, 31, 20, 26, 24. “சார், மெஷின் சரியில்ல, வேற குடுங்க” என்றார்கள்.

மெஷின் சரியாகத்தான் இருந்தது. சராசரி 25. அதன் வர்க்கமூலம் 5. பத்தில் ஏழு எண்கள் 20க்கும் 30க்கும் நடுவே விழுந்திருக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு அப்படி விழும் என்பதே எதிர்பார்ப்பு.

வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். ஒரு நிமிடத்தை 60,000 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டுங்கள். 25 கிளிக் வருமென்றால், ஒரு துண்டில் கிளிக் விழும் வாய்ப்பு 2,400இல் ஒன்று. அந்தத் துண்டின் விடை ஒன்று அல்லது பூஜ்யம். ஒன்று விழுந்தால் சராசரியிலிருந்து விலகல் ஏறக்குறைய 1. அதன் வர்க்கமும் 1தான். ஆனால் அது 2,400இல் ஒரு முறைதான் நடக்கும். மற்ற நேரத்து விலகல் கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. ஆகவே ஒரு துண்டின் விலக்க வர்க்கச் சராசரி 2,400இல் ஒன்று. அதன் சராசரியும் அதேதான். ஒரு அணுக்கரு சிதைவது இன்னொன்றைப் பாதிப்பதில்லை என்பதால் துண்டுகள் ஒன்றையொன்று சாராதவை. சாராதவற்றைக் கூட்டும்போது விலக்க வர்க்கங்கள் அப்படியே கூடும். 60,000 துண்டுகளையும் கூட்டினால் சராசரி 25, விலக்க வர்க்கச் சராசரியும் 25. திட்டவிலக்கம் அதன் மூலமான 5.

1910இல் ரூதர்ஃபோர்டும் கைகரும் பொலோனியத்தின் ஆல்ஃபா துகள்களை 7.5 விநாடி இடைவெளிகளில் எண்ணிப் பார்த்தார்கள். 2,608 இடைவெளிகள், 10,097 துகள்கள், சராசரி 3.87. அவர்களுடைய அட்டவணையை எடுத்து விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிட்டால் சுமார் 3.7 வருகிறது. மாணவர்களை இதைக் கையால் போடச் சொல்வேன். அதற்குப் பிறகு யாரும் வேறு மெஷின் கேட்பதில்லை.

உண்மையிலேயே கோளாறு இருந்தால் அதையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். மேலே உள்ள பத்து எண்களின் திட்டவிலக்கம் 4.7. பத்து ரீடிங் மட்டுமே இருப்பதால் அது 4 ஆகவோ 6 ஆகவோ இருந்தாலும் கவலையில்லை. 12 என்று வந்தால் குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் நிலையாக இல்லை, கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ மாதிரியை நகர்த்தியிருக்கிறார்கள். 1 என்று வந்தால் இன்னும் அதிகம் பயப்பட வேண்டும். அவ்வளவு ஒழுங்காகச் சிதைவு நடக்காது. மின்சார இரைச்சல் ஏதோ சீராக எண்ணப்படுகிறது.

அடுத்து உரக்கடையில் வாங்கிய பொட்டாஷ் உரம். அதிலுள்ள பொட்டாசியம்-40 இயற்கையாகவே கதிர்வீசுவது. அதை வைத்து பத்து நிமிடத்தில் 400 கிளிக். வைக்காமல் பத்து நிமிடத்தில் 250. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நிமிடத்துக்கு 40 என்று வகுத்துவிட்டு அதற்கு வர்க்கமூலம் எடுத்து 6.3 என்று எழுதுகிறார்கள். மூலம் எடுக்க வேண்டியது வகுத்த வீதத்துக்கு அல்ல, எண்ணிய முழு எண்ணுக்கு. 400க்கு 20, பத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 2.

பின்புலத்தைக் கழிக்கும்போதும் அப்படித்தான். 400இலிருந்து 250 போனால் 150. அதன் பிழை 150இன் மூலம் அல்ல. எண்களைக் கழித்தாலும் விலக்க வர்க்கங்கள் கூடவே செய்யும்: 400உம் 250உம் சேர்ந்து 650, அதன் மூலம் 25.5. உரத்தின் பங்கு நிமிடத்துக்கு 15, கூடக் குறைய 2.5. இந்த 2.5ஐப் பாதியாக்க இரண்டையுமே நான்கு மடங்கு நேரம், அதாவது நாற்பது நாற்பது நிமிடம் எண்ண வேண்டும். லேப் பீரியடில் அதற்கு நேரமிருக்காது. அதனால் முந்தைய இரவே கவுண்டரைப் பின்புலத்துக்கு ஓடவிட்டுப் போகிறேன். விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடுவதால் பின்புலத்தின் பிழை மிகவும் சுருங்கிவிடுகிறது. காலையில் பத்து நிமிடம் உரத்தை எண்ணினாலே 2.5 இருந்த இடத்தில் 2 வரும். குழாயையும் அதைச் சுற்றியுள்ள ஈயக் கட்டிகளையும் இடையில் யாரும் நகர்த்தியிருக்கக் கூடாது.