பத்துச் சதத்து ஒப்ஷன்

வட்ஸ்அப் குழுவொன்றில் நாளைக்கு ஏறப்போகும் பங்குகளை இலவசமாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?
*– வாசகர், வங்காலை*

நாளை எது ஏறும் என்று தெரிந்தவருக்குக் குழு நடத்த நேரமிராது. வெளியேறுங்கள்.

பேசாலைதான் ஊர், இப்போது டொரோண்டோவில் இருக்கிறேன். அமெரிக்கப் பங்குகளில் கோல் ஒப்ஷன் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். 10 டொலருக்கே ஒன்று கிடைக்கிறது. போனால் 10 டொலர், வந்தால் நூறு. சரிதானே?
*– புதியவன்*

தம்பி, பேசாலைக் கரையில் மத்தியானம் மலிவாய்க் கிடைக்கிற மீனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

கணக்கைப் பாரும். ஒரு பங்கு 100 டொலருக்குப் போகிறது, ஆண்டுக்கு 30 வீத ஏற்ற இறக்கம் உள்ளது என்று வைப்போம். தவணை முடிய 14 நாள். 112 டொலர் ஸ்ட்ரைக் கோலின் நியாய விலை ஏறத்தாழ 7 சதம். திரையில் 5 சதத்துக்கு வாங்க ஆள் நிற்கும், 10 சதத்துக்கு விற்க ஆள் நிற்கும். நீர் 10 சதத்துக்கு வாங்குகிறீர். ஒன்று 100 பங்குக்கானது என்பதால் 10 டொலர். அடுத்த நிமிடமே விற்றால் 5 டொலர்தான் கையில். பங்கு அசையவேயில்லை, பாதிக் காசு போயிற்று. புரோக்கர் கூலி வேறு.

அதே பங்கின் 100 டொலர் ஸ்ட்ரைக் கோல் 2.40 டொலர். அதை உடனே விற்றால் 2.30 கிடைக்கும்.

இப்போது ஒரு வாரத்தில் பங்கு 103க்கு ஏறுகிறது. நீர் நினைத்தது சரி! 2.40க்கு வாங்கியது ஏறத்தாழ மூன்றரை டொலராகிறது. உம்முடைய 112 கோலோ 4 சதத்துக்கு இறங்கிவிட்டது. ஏழு நாளில் இன்னும் 9 டொலர் ஏற வேண்டுமே, அதை யார் வாங்குவார்? திசையைச் சரியாகச் சொல்லியும் நட்டப்படுகிற வித்தை இதுதான். தவணை நாளில் பங்கு 112ஐத் தாண்ட, தொடக்கத்திலேயே நாற்பதில் ஒரு வாய்ப்புத்தான் இருந்தது.

"போனால் 10 டொலர்தானே" என்பதுதான் எனக்கு எரிச்சல். பத்துடன் எவரும் நிற்பதில்லை. மலிவென்று இருபது வாங்குவார்கள், அடுத்த வாரம் மறுபடி இருபது. இந்தியாவின் செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாரும்: மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, ஒப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டப்பட்டார்கள்.

பயப்படாதேயும். பங்கு விலைக்குக் கிட்டவான ஸ்ட்ரைக்கை எடும், தவணை ஒரு மாதத்துக்கு மேல் இருக்கட்டும். காசு போதாவிட்டால் ஒன்றே ஒன்று வாங்கும்.

அப்படியானால் மலிவு ஒப்ஷனை யார்தான் வாங்குகிறார்கள்?
*– வாசகி, தலைமன்னார்*

கையில் பங்கு வைத்திருப்பவர் சந்தை சரிந்தால் தாங்குவதற்கு மலிவான புட் வாங்குவார். அவருக்கு அது காப்புறுதிக் கட்டணம். வீணாய்ப் போனால் சந்தோஷப்படுவார்.