சலவை இயந்திரத்தில் ரேம் எங்கே?

"நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரு சிறிய நுண்செயலி" என்றுதான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன். சென்ற பருவத்தில், பழுதான சலவை இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை ஒன்றைப் பத்தாம் வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ரேம் எங்க இருக்கு?" என்று கேட்டார். என் விளக்கத்தின் பிழை அப்போதுதான் புரிந்தது. வேறுபாடு அளவில் இல்லை. சில்லுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதில் இருக்கிறது.

மறுநாள் கரும்பலகையில் இரண்டு படங்கள் வரைந்தேன். இரண்டுக்கும் வேலை ஒன்றே: நீர்மட்டம், கதவு, பொத்தான்கள் ஆகியவற்றைக் கவனித்து, நீர் வால்வையும் மோட்டாரையும் இயக்க வேண்டும்.

முதல் படத்தில் 1976இல் வந்த 8085 நுண்செயலி. அது கணக்கிடும், ஆனால் நிரலைச் சேமித்து வைக்க அதனுள் இடமில்லை. எனவே நிரலுக்கு ஒரு ரோம் சில்லு, தற்காலிகத் தரவுக்கு ஒரு ரேம் சில்லு, பொத்தான்களையும் வால்வையும் இணைக்க 8255 என்ற சில்லு ஆகியவற்றை வெளியே பொருத்த வேண்டும். அதன் 40 கால்களில் 16 கால்கள் நினைவகத்துடன் பேசுவதற்கே போய்விடுகின்றன.

இரண்டாம் படத்தில் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி. நிரலுக்கு 32 கிலோபைட், ரேம் 2 கிலோபைட், மின்சாரம் போனாலும் அழியாத தரவு நினைவகம் 1 கிலோபைட், நேரங்காட்டிகள் அனைத்தும் ஒரே சில்லுக்குள் உள்ளன. அதன் 28 கால்களில் 23 வரை வெளியுலகுடன் இணைக்கலாம். மாணவி தேடிய ரேமும் இப்படித்தான் சில்லுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக் கருவிகளுக்கு இது ஏன் ஏற்றது? துவைக்கும் வேலை மாறுவதில்லை. சிறிய நிரலே போதும். சில்லுகள் குறைந்தால் விலையும் குறையும், பற்றவைப்பு இணைப்புகளும் குறையும். பாதியில் மின்சாரம் நின்றால், எந்தக் கட்டத்தில் இருந்தோம் என்பதை அழியாத நினைவகத்தில் குறித்துவைத்து, மின்சாரம் வந்ததும் அங்கிருந்து தொடரலாம். நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால், காவல் நேரங்காட்டி குறித்த நேரத்துக்குப் பின் சில்லை மறுதொடக்கம் செய்யும். இல்லையெனில் திறந்த வால்வு திறந்தபடியே கிடந்து நீர் வழியும்.

ஆனால் சில்லின் கால் தருவது 5 வோல்ட்டும் சில மில்லிஆம்பியரும்தான். 230 வோல்ட் மோட்டாரை அது நேரடியாக இயக்க முடியாது. இடையில் ரிலே அல்லது டிரையாக் வேண்டும்.

"அப்படியானால் டிவிக்கும் இதுவே போதுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்றால், 100 × 100 புள்ளிகள் கொண்ட சிறு படத்துக்கே 10,000 பைட் வேண்டும். நம் சில்லின் ரேமோ 2,048 பைட். ஸ்மார்ட் டிவிக்கு வெளி நினைவகத்துடன் இயங்கும் செயலி ஏன் தேவை என்பதை மாணவர்களே சொல்லிவிட்டார்கள்.