தேதி மாறினால் சொல்லும் மாறவேண்டும்



திங்கள் முதல் நம் பதிப்பகத்தின் சமூக ஊடகப் பக்கங்களை பஃபரில் நீதான் பார்க்கப்போகிறாய். உள்ளே போனதும் பதிவு எழுத உட்காராதே. முதலில் ஒவ்வொரு கணக்கின் அமைப்பிலும் நேர மண்டலம் எது என்று பார். கணக்குக்குக் கணக்கு அது தனி. ஒன்று மட்டும் லண்டன் நேரத்தில் இருந்தால், ஜனவரியில் மாலை 6 மணி என்று நீ வைத்த பதிவு இங்கே இரவு 11.30க்கு வெளிவரும். கருவி பிழை எதுவும் காட்டாது; அதன் கணக்கில் அது சரியான நேரம்தான்.

பதிவை வரிசையில் சேர்த்தால் அடுத்த காலி நேரத்தில் அது தானாகப் போய் உட்காரும். நூல் அறிமுகம் போல எந்த நாளிலும் பொருந்துகிறவற்றுக்கு அது போதும். நிகழ்ச்சி அறிவிப்பை மட்டும் நாளும் மணியும் குறித்தே வை.

வைத்த பிறகு Queue பகுதியைத் திறந்து, வாசகனாக மேலிருந்து கீழே படி. இணைப்பைத் தட்டிப் பார். சுவரொட்டிப் படத்தில் உள்ள தேதியையும் படி. அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வேலை கடினமாவது மாற்றி வைக்கும்போதுதான். புத்தகக் காட்சியில் சனிக்கிழமை மாலை ஒரு நூல் வெளியீடு என்று வைத்துக்கொள். அன்று காலைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றிலும் "இன்று மாலை வாருங்கள்" என்று போட்டிருக்கிறாய். வெள்ளிக்கு "நாளை" என்று ஒன்று. நிகழ்ச்சி ஞாயிறுக்குத் தள்ளிப்போகிறது. ஒரே தடவையில் எழுதியிருந்தாலும் மூன்று கணக்குக்கும் மூன்று தனிப் பதிவுகள். ஒன்றைத் திருத்தினால் மற்றவை பழையபடியே நிற்கும். "இன்று" பதிவுகளை ஞாயிறு காலைக்கு நகர்த்தினால் சொல் பொருந்தும், ஆனால் படத்தை மாற்றவேண்டும். வெள்ளியில் நிற்கும் "நாளை" பதிவை மறந்தாலோ, வாசகர் சனிக்கிழமை வந்து ஏமாறுவார். ஆகவே தேதி மாறியதும் நூலின் பெயரை வைத்து எல்லாக் கணக்குகளிலும் தேடி, முதலில் அத்தனையையும் Drafts பகுதிக்கு இறக்கு. திருத்திய பிறகு ஒவ்வொன்றாக ஏற்று. இன்ஸ்டாகிராமில் வெளியான பதிவின் படத்தை மாற்ற முடியாது என்பதால் இதில் சோம்பல் கூடாது.

வெளியாகும் நேரம் தாண்டியதும் Sent பகுதியோடு நின்றுவிடாமல் அந்தப் பக்கத்துக்கே போய்ப் பார். யாராவது கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் இணைப்பு அறுந்து பதிவு தோல்வியடைந்திருக்கலாம். கணக்கை மறுபடி இணைத்துவிட்டு அனுப்பு.

ஊரே துக்கத்தில் இருக்கும் நாளில் நம் தள்ளுபடி அறிவிப்பு வெளியாகக் கூடாது. கணக்கின் வரிசையை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அதற்கு என் அனுமதி வேண்டாம், தம்பி. நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்.