டாலி ஆன கணக்கும் தீர்ந்துபோன மண்ணும்

"சார், கட்டிங்கும் ஃபில்லிங்கும் டாலி ஆயிடுச்சு. வெளியிலிருந்து ஒரு லோடு மண்கூட வேண்டாம்." மலைச்சாலை எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இளம் பொறியாளர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வேறு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வெட்டும் கனஅளவும் நிரப்பும் கனஅளவும் தாளில் சமமானால் மலையிலும் சமமாகிவிடுமாம்! ஆகாது.

ஒரு 100 மீட்டர் துண்டை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு. வெட்டுப் பரப்பு வரிசையாக 18, 14, 8, 3, 0, 0 சதுர மீட்டர். நிரப்புப் பரப்பு 0, 0, 4, 8, 14, 16. அடுத்தடுத்த இரண்டு பரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி 20ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் முறை. வெட்டு 320, 220, 110, 30. மொத்தம் 680 கனமீட்டர். நிரப்பு 40, 120, 220, 300, அதுவும் 680. டாலி!

இனி மண்ணைப் பாருங்கள். வெட்டிய 680இல் வேரும் இலைமக்கும் கலந்த மேல்மண் 60 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சாலைக் கரைக்குள் போடக்கூடாது. மீதி 620. அந்த மண் மலையில் இருந்தபடியே அதன் உலர் அடர்த்தி 1.60 என்று சோதனையில் வருகிறது. ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தி 1.87. கரையில் அதன் 95 விழுக்காடாவது வர ரோலர் ஓட்ட வேண்டும். அதாவது ஏறத்தாழ 1.78. 1.60ஐ 1.78ஆல் வகுத்தால் 0.90. மலையில் ஒரு கனமீட்டராக இருந்தது கரையில் 0.90 ஆகிவிடுகிறது. 620 கனமீட்டர் மண் கரையில் 558 கனமீட்டர்தான். 122 குறைகிறது.

அந்தக் குறையை நிரப்ப மலையிலிருந்து 136 கனமீட்டர் வெட்டியாக வேண்டும். தோண்டினால் மண் உப்பும். கால் பங்கு உப்பினால் டிப்பரில் ஏறுவது 170 கனமீட்டர். 6 கனமீட்டர் டிப்பரென்றால் 29 நடை. "ஒரு லோடுகூட வேண்டாம்" என்ற வாய் இப்போது எங்கே?

பாறை வந்தால் கதை தலைகீழ். உடைத்த பாறையை எவ்வளவு உருட்டினாலும் இடைவெளி இருக்கும். பழைய இடத்துக்குள் அடங்காது. அதே 680உம் பாறையாக இருந்து கால் பங்கு பெருகினால் 850 ஆகும். 170 மிச்சம். ஆகவே மண்ணுக்கும் பாறைக்கும் சேர்த்து ஒரே பெருக்கெண் போடாதீர்கள். தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

சில்லறை நம்பிக்கைகளும் உண்டு. ஒரே குறுக்குவெட்டில் 8 வெட்டு, 4 நிரப்பு இருந்தால் கழித்து '4 வெட்டு' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 8ஐயும் வெட்டத்தான் வேண்டும், 4ஐயும் உருட்டத்தான் வேண்டும். இரண்டுக்கும் கூலி உண்டு. சராசரிப் பரப்பு முறை துல்லியமானது என்பது இன்னொன்று. பரப்பு பூஜ்ஜியமாக ஒடுங்கும் முனையில் அது கூட்டிக் காட்டும். 60க்கும் 80க்கும் இடையே 3 சதுர மீட்டர் வெட்டு கூம்பாக முடிந்தால் உண்மை அளவு 20; கணக்கில் 30 வந்திருக்கிறது. அங்கே இடையில் இன்னொரு குறுக்குவெட்டு எடுத்தால் வித்தியாசம் சுருங்கும்.

இதற்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்றை யாரும் கேட்பதில்லை: அந்தச் சரிவில் நிரப்பு நிற்குமா? கரையின் சரிவு ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று வைக்கிறோம். மலையே அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கரையின் அடி கீழே தரையைத் தொடவே தொடாது. கோடு போய்க்கொண்டே இருக்கும். அங்கே தாங்குசுவர் கட்டவேண்டும், இல்லையேல் சாலை முழுவதையும் வெட்டிலேயே உட்கார வைக்கவேண்டும். அப்போது சமநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை, வெட்டியது முழுக்க மிச்சம்.

மிச்சம் எங்கே போகிறது? எஸ்டிமேட்டில் இல்லாத இடத்துக்கு: பள்ளத்தாக்குப் பக்கம். புல்டோசர் ஒரு தள்ளு. அது மரங்களின் அடியை மூடும், கீழ்வளைவில் இருக்கும் கல்வெர்ட்டின் வாயை அடைக்கும். அடுத்த மழையில் ஓடைநீர் சாலைமேல் ஏறிப் போகும்போது "மலை சரிந்துவிட்டது" என்பார்கள். என்னிடம் வரும் எஸ்டிமேட்டில் மண் கொட்டுமிடம் எது, அங்கே எத்தனை கனமீட்டர் பிடிக்கும், எவ்வளவு தூரம் என்ற மூன்று வரிகள் இல்லையென்றால் டாலியைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.