வண்டியில் ஏறும்போது என்ன சொல்கிறோம்?

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் சமய வகுப்புக்குக் கிள்ளானிலிருந்து வரும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, என் மலாய்க்கார ஃபிரெண்டு கார்ல ஏறினதும் டோவா ஓதுறான். நம்மகிட்ட அப்படி ஒன்னும் இல்லையா?"

இருக்கு. அதுக்கு முன்னாடி அந்த நண்பன் என்ன சொல்றான்னு பார்ப்போம். அது குர்ஆனின் 43ஆம் அத்தியாயத்தில் 13, 14ஆம் வசனங்கள். அங்கே பேச்சு கப்பலையும் சவாரி விலங்கையும் பற்றியது. இதை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், எங்கள் பலத்தால் இதை அடக்கியிருக்க முடியாது, கடைசியில் நாங்கள் அவனிடமே திரும்புகிறவர்கள் என்பது அதன் பொருள். கவனிச்சீங்களா, இதில் "காப்பாத்து" என்ற சொல்லே இல்லை. வேண்டுதல் அதற்குப் பின்னால் சேரும் நபிமொழி டோவாவில்தான் வருகிறது. ராயல் புருணை விமானங்களில் புறப்படும் முன் பயண டோவா ஒலிக்கும்.

யூதர்களின் பயண ஜெபமோ நேரடியாகவே கேட்கும்: பதுங்கியிருக்கும் எதிரியிடமிருந்தும் கொடிய விலங்கிடமிருந்தும் காப்பாற்று என்று. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அதைச் சொல்வார்கள். தனியாகப் போனாலும் "எங்களை" என்றே கேட்க வேண்டும் என்பது தல்மூத் சொல்லும் முறை.

இப்போ நம்முடையது. மங்கையர்க்கரசியார் அழைப்பை ஏற்று, திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படுகிறார் சம்பந்தர். அப்பர் தடுக்கிறார். சமணர்களிடம் தாம் பட்ட துன்பம் அவர் மனசில் இருக்கு. கோள்நிலையும் சரியில்லை என்கிறார். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம், பதினொரு பாட்டு. முதல் பாட்டில் ஒன்பது கோள்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறார். இரண்டாவதில் பயணத்துக்கு ஆகாத நட்சத்திரங்கள் எண்ணிக்கைக் கணக்கில் வருகின்றன. பிறகு சிங்கம், புலி, யானை, கரடி, காய்ச்சல், குளிர், வாதம், பித்தம் எல்லாம் வரும்.

யூத ஜெபத்திலும் விலங்கு வருதே, அப்போ இரண்டும் ஒன்னுதானேன்னு தோணலாம். வினைச்சொல்லைப் பாருங்க. சம்பந்தர் எதையும் கேட்கவில்லை, அறிவிக்கிறார். சிவன் என் உள்ளத்தில் புகுந்துவிட்டான், ஆகவே இவையெல்லாம் அடியாருக்கு நல்லவை என்கிறார். கோளை அவர் இல்லை என்று சொல்லவில்லை. அது கெடுதல் செய்யும் என்பதைத்தான் மறுக்கிறார்.

நம்ம வீடுகளில் இது இன்றைக்கும் நடக்கிற வழக்குதான். திங்கள் காலை எட்டு மணி ஃபிளைட், பாட்டி "ராகு காலம்யா" என்பார். (7.30 முதல் 9 வரை என்ற அட்டவணை, சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்டது. கோலாலம்பூரில் உதயமே ஏறக்குறைய ஏழு மணி. அதனால் கணக்கும் ஒரு மணி நேரம் போலத் தள்ளும்.) டிக்கெட்டை மாற்ற முடியாத பாட்டியிடம் இந்தப் பதிகத்தைப் பாடச் சொல்லுங்க. அப்பரின் கவலைக்குக் கிடைத்த பதில் அதுதான். கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலில் புது கார் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போதும் பாடலாம். முழுசாகப் பாட நேரமில்லைன்னா, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே முதல் பாட்டை மட்டும் சொல்லுங்க. ஒன்பது கோளும் அதிலேயே வந்துவிடும்.