பயிற்சி மாணவர் விடைபெறும் வாரம்: கடையில் எழுதி வாங்க வேண்டிய ஒப்படைப்புக் குறிப்பு

வணிகவியல் படிக்கும் மாணவர்களை மூன்று நான்கு மாதப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம் மளிகை மொத்தக் கடைகளில் பரவிவிட்டது. பில் போடுவது, கொள்முதல் பதிவது, வசூல் பாக்கி எடுத்துக் கொடுப்பது என்று கணக்கப்பிள்ளையின் பாதிச் சுமையை அவர்கள் தாங்குகிறார்கள். ஒருவர் போய் அடுத்தவர் வரும் இடைவெளியில்தான் நமக்கு நட்டம் வருகிறது. போகிறவர் கடைசி வாரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைப்பது உண்டு. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை எங்கள் கடையில் கைப்பணம் போன பிறகே கற்றுக்கொண்டோம்.

2023ஆம் ஆண்டு நடந்தது இது. சில்லறைக் கடைக்காரர் ஒருவர் பழைய பாக்கிக்கு ரூ.68,500க்குக் காசோலை கொடுத்திருந்தார். தேதி ஜனவரி 12. "கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள்" என்று கேட்டதால் ஏப்ரல் 3ஆம் தேதிதான் வங்கியில் போட்டோம். பணமில்லை என்று திரும்பி, 5ஆம் தேதி ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்தது. எங்கள் பயிற்சி மாணவர் அதை வாங்கித் தம் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தார். ஏப்ரல் 8 அவருக்குக் கடைசி நாள். குறிப்பில், "செக் விஷயம் – கவனிக்கவும்" என்று ஒரே வரி எழுதியிருந்தார்.

அடுத்து வந்த பெண் அதைப் படித்து, வருகிற காசோலைகளைத் தவறாமல் வங்கியில் போட வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அதைச் செய்தும் வந்தார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மே 19ஆம் தேதி இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது மெமோ கிடைத்தது. காசோலை செல்லுபடியாகும் 3 மாதம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால் திரும்பப் போட வழியில்லை. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருந்தால்தான் காசோலை மோசடிப் பிரிவில் வழக்குப் போடலாம். அந்தக் கெடு மே 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "இனி சிவில் வழக்குத்தான்" என்று வக்கீல் சொன்னார். கடைக்காரருக்கும் அது தெரிந்துவிட்டது. தவணை தவணையாக 30,000 வந்ததோடு சரி.

அந்த வரி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இன்னார் காசோலை ரூ.68,500 திரும்பியது. மெமோ கைக்கு வந்த நாள் ஏப்ரல் 5. மே 5க்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். காசோலையும் மெமோவும் என் மேசை இரண்டாவது இழுப்பறையில், பச்சை ஃபைலில். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை." கடைசி வாக்கியத்தை எழுதத்தான் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். யாருக்குச் சொல்லியாயிற்று, யாருக்குச் சொல்லவில்லை என்பதைத் தயங்காமல் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

தினசரி வேலைகளைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. பில் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு நாளில் வந்துவிடும். எழுத வேண்டியது பாதியில் நிற்கும் வேலைகளைத்தான். எங்கே நிற்கிறது, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், அதுவரை எதைச் செய்யக்கூடாது என்பது தெரிந்தால் போதும்.

ஜி.எஸ்.டி. சம்பந்தப்பட்ட ஒன்றைப் பார்ப்போம். மார்ச் மாதம் குண்டூரிலிருந்து மிளகாய் வற்றல் வாங்கினோம். சரக்கு மதிப்பு 2,40,000. 5 சதவீத வரி 12,000. மாதந்தோறும் 14ஆம் தேதி வரும் `GSTR-2B` பட்டியலில், ஏப்ரலில் அந்த பில் இல்லை. அதில் வராத பில்லுக்கு நாம் வரிக் கழிவு எடுக்க முடியாது என்பது 2022 ஜனவரி முதல் உள்ள விதி. மண்டிக்காரர் தம் மார்ச் கணக்கில் அந்த பில்லைச் சேர்க்க விட்டுவிட்டார். ஏப்ரல் 30ஆம் தேதி போகவிருந்த மாணவர் இப்படி எழுதினார்:

"மண்டிக் கணக்கரிடம் 16ஆம் தேதி பேசினேன். ஏப்ரல் மாத `GSTR-1`இல் சேர்த்து மே 11க்குள் போடுவதாகச் சொன்னார். மே 9 அன்று நினைவூட்டவும். மே 14 வரும் 2Bயில் பார்க்கவும். இருந்தால் மே 20க்குள் போடும் `GSTR-3B`யில் 12,000 எடுக்கலாம். இல்லாவிட்டால் எடுக்காமல் ஆடிட்டரிடம் சொல்லவும். பில் நகல்: மார்ச் கொள்முதல் ஃபைல், வரிசை எண் 41."

அடுத்து வந்த மாணவர் மே 9 அன்று பேசியபோது மண்டியில் அது மறந்தே போயிருந்தது. நினைவூட்டியதால் சேர்த்தார்கள், மே மாதக் கணக்கிலேயே 12,000 கழிந்தது.

ஃபைல்கள் இருக்கும் இடத்தை எழுதும்போது, "பீரோவில் இருக்கிறது" என்பது பயன்படாது. எங்கள் கடையில் சிவப்பு ஃபைல் இரண்டு உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. எந்தத் தட்டு, முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரிலோ `Stock.xlsx`, `Stock new.xlsx`, `Stock new final.xlsx` என்று மூன்று கிடக்கும். போகிறவர் கையாலேயே சரியானதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் `Old` என்ற தனி ஃபோல்டரில் ஒதுக்கச் சொல்லுங்கள். டாலி கணக்கின் பேக்கப் எந்தப் பென் டிரைவில், எந்தத் தேதி வரை என்பதும் ஒரு வரி.

தொலைபேசி எண்களுக்குப் பக்கத்தில் எதற்குக் கூப்பிட வேண்டும் என்பதும் வேண்டும். குண்டூர் மண்டிக் கணக்கர் காலை 11 மணிக்குப் பிறகே எடுப்பார், இந்தியில் பேசலாம், பில் எண்ணை முதலில் சொன்னால் வேலை நடக்கும் – இத்தனையும் எண்ணோடு சேர்ந்த விவரம்தான். எலக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பவர் எண்ணோடு, முத்திரை முடியும் தேதியும் இருக்கட்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டிய பொருள் அது.

கடவுச்சொல்லை மட்டும் குறிப்பில் எழுத விடாதீர்கள். அது முதலாளியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ இருக்க வேண்டும். மாணவர் போன அன்றே மாற்றிவிடுவது நல்லது. இன்னொன்று, சில்லறைக் கடைக்காரர்கள் ஆர்டரை மாணவரின் சொந்தக் கைபேசிக்கு அனுப்பிப் பழகியிருப்பார்கள். போய் இரண்டு மாதம் கழித்தும் அவருக்கு ஆர்டர் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். கடைசி வாரத்திலேயே அவர் வாயாலேயே கடை எண்ணைச் சொல்லி எல்லோருக்கும் தகவல் கொடுக்க வைக்க வேண்டும்.

குறிப்பைத் திங்கட்கிழமையே எழுதி முடித்துவிடச் சொல்கிறோம். சனிக்கிழமை மாலை எழுதினால் வேலைக்கு ஆகாது. செவ்வாயும் புதனும் புதியவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வார். பழையவர் பக்கத்தில் பேசாமல் இருப்பார். புதியவர் எந்த இடத்தில் வாய் திறந்து கேட்கிறாரோ, அங்கே தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். புதியவர் இன்னும் வந்து சேராவிட்டால் கவுண்டர் பையனை உட்கார வைக்கிறோம். சென்ற முறை அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இந்த பீரோவுக்குச் சாவி எங்கே?" என்பதுதான். எழுதப்படாமல் இருந்தது அது.

வெள்ளிக்கிழமை இருவரும் தாளில் கையெழுத்திடுகிறார்கள். ஒரு நகல் மேசையில், ஒரு நகல் எங்களிடம். அதிலுள்ள தேதிகளை மட்டும் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் நாங்களே எழுதிக்கொள்கிறோம்.